பத்து நாள் என்றால் எத்தனை ஆள்?

வ. புதுப்பட்டி,
14.9.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நானும் சத்தம் போடுவேன், நீயும் "முடிச்சிரலாம் அண்ணாச்சி" என்பாய். இரண்டும் இதுவரை நான்கு தடவை நடந்துவிட்டன. அதனால் இந்தத் தடவை எழுதுகிறேன். உன் அப்பா செய்த நிலைக்கதவு எங்கள் பழைய வீட்டில் இன்னும் உரசாமல் மூடுகிறது. அந்த உரிமையில்தான் 'நீ' என்று எழுதுகிறேன். கணக்கு விஷயத்தில் மட்டும் சொந்தம் பார்க்கப் போவதில்லை.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டு உள்வேலைக்கு ஜூன் 2-ம் தேதி கையெழுத்துப் போட்டோம். மொத்தம் 6 லட்சம், 75 நாள், ஆகஸ்ட் 16-க்குள் ஒப்படைப்பு. இன்றைக்கு அந்தத் தேதி தாண்டி 29 நாள் ஆகிறது. இதில் என் பங்கும் உண்டு. மைக்கா நிறத்தை உன் அக்காவும் நானும் மாற்றி மாற்றிப் பேசி 9 நாள் இழுத்தோம். அதைக் கழித்துவிட்டேன். மீதி 20 நாள் உன்னுடையது.

ஆடியில் ஆள் வரவில்லை என்றாய். உண்மைதான். ஜூலை 24 ஆடி அமாவாசை, நம் பக்கத்துச் சாலையெல்லாம் சதுரகிரிக்குப் போகிற கூட்டம். 28-ம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். இந்த ஊரில் எந்த ஆசாரி அன்றைக்கு ரம்பம் பிடிப்பான்? நானே போகச் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு நாளும் ஜனவரியிலேயே காலண்டரில் அச்சாகி வந்தவை. ஜூன் மாதம் 75 நாள் என்று எழுதும்போதே அவற்றைக் கழித்திருக்க வேண்டும். 80 நாள் என்று நீ கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை போன் செய்து ஷட்டர் தவணை 1,20,000 கேட்டாய். நாம் எழுதிய தவணையை உனக்கு நினைவுபடுத்துகிறேன். கையெழுத்தில் 10 சதவீதம், 60,000. பலகை எல்லாம் வீட்டில் வந்து இறங்கியதும் 40 சதவீதம், 2,40,000. எல்லாப் பெட்டிகளும் நின்று சுவரோடு முறுக்கியதும் 25 சதவீதம், 1,50,000. ஷட்டர் மாட்டி, கைப்பிடி வைத்து முடித்ததும் 20 சதவீதம், 1,20,000. ஒப்படைத்து 30 நாள் கழித்துக் கடைசி 5 சதவீதம், 30,000.

நான் கொடுத்தது இது. ஜூன் 2-ல் 60,000. ஜூன் 14-ல் லாரி வந்ததும் 2,40,000. ஜூலை 12-ல் "கூலி கொடுக்கணும்" என்று நீ வந்து நின்றபோது, மூன்றாவது தவணை சேர்வதற்கு முன்பே அதிலிருந்து 1 லட்சம். ஆக 4 லட்சம். அந்த 1 லட்சத்தை முன்கூட்டிக் கொடுத்தது என் தப்பு. எந்தத் தவணை எந்த வேலைக்கு என்பது அன்றோடு இருவருக்கும் கலங்கிப் போயிற்று.

சரி, 4 லட்சத்துக்கு என்ன வேலை நடந்திருக்கிறது? நேற்று ஒரு தாளோடு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன். அளவுகோல் நம் ஒப்பந்தமேதான். ஒரு பொருளுக்குப் பெட்டி நின்றுவிட்டால் அதன் விலையில் 75 சதவீதம் நடந்ததாகக் கொண்டேன். பலகை மட்டும் வந்து கிடந்தால் 50. ஒன்றுமே வராவிட்டால் கையெழுத்துக்கான 10.

அடுப்படி 2,20,000. கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி இரண்டும் நிற்கின்றன, ஷட்டர் இல்லை. அது 1,65,000. அலமாரி மூன்று, ஒன்று 70,000. இரண்டு நிற்கின்றன, மூன்றாவதுக்குப் பலகை கிடக்கிறது. அது 1,05,000-மும் 35,000-மும். ஹால் ஃபால்ஸ் சீலிங் 70,000. போர்டு ஏறிவிட்டது, இணைப்புப் பட்டை ஒட்டிப் பட்டி பூசவில்லை. அதற்கு 52,500 போட்டேன். டி.வி. பலகையும் பூஜை மாடமும் சேர்ந்து 60,000, செருப்பு அலமாரியும் பாத்திர அலமாரியும் சேர்ந்து 40,000. இந்த இரண்டுக்கும் ஒரு துண்டுப் பலகைகூட வரவில்லை, ஆகவே 6,000-மும் 4,000-மும். கூட்டினால் 3,67,500.

நான் கொடுத்தது 4,00,000. வித்தியாசம் 32,500.

இந்த எண் வந்ததும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வத்திராயிருப்பில் ஒருவர் "உங்க காசுல ராஜபாளையத்துல வீடு முடிக்கிறான்" என்று என்னிடம் சொன்னார். மனசு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கற்பனை செய்துகொண்டிருந்தது. 32,500 ஏமாற்று அல்ல. ஆனால் அது எங்கே போயிற்று என்று உனக்கே தெரியாது, இல்லையா? டி.வி. பலகைக்கும் செருப்பு அலமாரிக்கும் வாங்க வேண்டிய ப்ளைவுட் பணம் அது. நீ எடுத்திருக்கிற ராஜபாளையம் வீட்டுக் கூலியிலோ கிருஷ்ணன்கோவில் கடையின் கண்ணாடியிலோ கரைந்திருக்கும். அங்கே பணம் வந்ததும் இங்கே வாங்கலாம் என்று இருந்திருப்பாய். அங்கேயும் தவணை தள்ளிப்போயிருக்கும்.

நீ தொழிலுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. இந்த இடத்தில் ஒரு யோசனை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடு. இடப்பக்கம் வந்த பணம், வலப்பக்கம் அந்த வீட்டுக்கு மட்டும் போன பணம். சனிக்கிழமை கூலி கொடுக்கிறாயே, அன்றைக்கே எழுது. நேற்று நான் போட்டது போன்ற கணக்கை மாதம் ஒரு தடவை நீயே போட்டுப் பார். எந்த வீட்டில் வேலையைவிட வந்த பணம் அதிகமோ அந்த வீட்டுக்காரரிடம் நீ கடன்பட்டிருக்கிறாய். அவர் போன் வந்தால் எடுக்கக் கூசும். என் போனை நீ ஏன் எடுப்பதில்லை என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது நாள் கணக்கு. "பத்து நாள்ல முடிச்சிரலாம்" என்று ஆகஸ்ட் 20-லும் சொன்னாய், போன செவ்வாயும் சொன்னாய். அது பொய் என்று நான் சொல்லவில்லை. மீதி மரவேலையை நான் ஆள் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ராஜபாளையத்தில் நூற்பாலையில் மெயின்டனன்ஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன், இது எனக்குப் பழக்கம். ஒரு ஆசாரியும் ஒரு கையாளும் ஒரு ஜோடி. அடுப்படிக் கீழ்ப்பெட்டியை மட்டம் பிடிக்க ஒரு நாள். மூன்றாவது அலமாரிப் பெட்டிக்கு மூன்று நாள். டி.வி. பலகையும் பூஜை மாடமும் நான்கு நாள். செருப்பு அலமாரி, பாத்திர அலமாரி இரண்டு நாள். எல்லா ஷட்டரும் அறுத்து மைக்கா ஒட்டி விளிம்புப் பட்டை போட ஐந்து நாள். கீல் போட்டு மாட்டி, இழுப்பறைக்குச் சேனல் வைத்து, இடைவெளி சரி பார்க்க ஐந்து நாள். மொத்தம் 20 நாள்.

ஆக, உன் பத்து நாள் சரிதான். இரண்டு ஜோடி வந்தால்! ஆகஸ்ட் 20-க்குப் பிறகு இந்த வீட்டுக்கு எத்தனை ஆள் வந்தார்கள் என்று எதிர்வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஒரு ஜோடி, அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள். அந்தக் கணக்கில் 20 நாள் வேலை பத்து வாரம் ஆகும். நீ என்னிடம் சொன்னது வேலையின் அளவு. நான் கேட்டுக்கொண்டிருந்தது தேதி. ஆள் எத்தனை என்று சொல்லாத வரைக்கும் அது தேதியாக மாறாது. இனி யாருக்கும் "பத்து நாள்" என்று சொல்லாதே, "இரண்டு ஜோடி, பத்து நாள்" என்று சொல். அப்படிச் சொல்லிப் பழகினால், உன்னிடம் இருக்கிற மூன்று ஆசாரிகளை வைத்து எத்தனை வீடு எடுக்கலாம் என்பது உன் வாய்க்கே தெரிந்துவிடும்.

தாமதம் வெறும் நாள் கணக்கு மட்டுமில்லை, மரத்தையும் கெடுக்கிறது. மூன்றாவது அலமாரிக்கான ஷீட்டுகளை ஜூன் 14-ல் இறக்கியவர்கள் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதமாக அப்படியே நிற்கின்றன. நேற்று எட்டடி நீளத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். ஏழில் மூன்று ஷீட்டில் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவு வளைவு இருக்கிறது. தரையில் மூன்று கட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தால் இது வந்திருக்காது, உனக்கே தெரியும். அந்த மூன்றையும் நெடிய ஷட்டருக்கோ பக்கப் பலகைக்கோ அறுக்காதே. இன்றைக்கு ஆணி அடித்து நேராக்கலாம், ஐப்பசி மழையில் கதவு மூலையில் பிதுங்கும். சின்னத் தட்டுகளுக்கு அறுத்துக்கொள், நெடிய கதவுக்கு நேரான ஷீட் கொண்டுவா.

அடுப்படிக் கீழ்ப்பெட்டி இன்னொன்று. ஜூலையில் நிறுத்தினீர்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எட்டடியில் ஆறு மில்லிமீட்டர் சரிவு. கிரானைட் கொத்தனார் இரண்டு தடவை வந்து அளவெடுக்காமல் திரும்பிப் போய்விட்டார். அவர் செய்தது சரி. மட்டமில்லாத பெட்டியில் கல்லை வைத்தால் நடுவில் தாங்கல் இல்லாமல் போய், சிங்க்குக்கு அறுத்த இடத்தில் விரியும். அவர் அளவெடுத்தால்தான் கல் அறுபடும், அதற்கு ஐந்தாறு நாள் ஆகும். கல் ஏறின பிறகுதான் கீழ் ஷட்டர் மாட்ட முடியும், முன்னால் மாட்டினால் கல் பாரத்தில் பெட்டி அமுங்கி ஷட்டரெல்லாம் கோணும். ஒரு ஆள் ஒரு நாள் செய்ய வேண்டிய மட்டவேலை இரண்டு மாதமாகக் கல்லை, குழாயை, ஷட்டரை எல்லாம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மில்லில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினைப் பிரிப்பதற்கு முன்னால், எந்த வேலை மற்ற வேலையை மறிக்கும் என்று பார்த்து அதைத்தான் முதல் ஷிப்டில் வைப்போம். மாற்ற வேண்டிய பாகம் தரையில் வந்து இறங்காமல் மெஷினில் ஸ்பேனர் வைக்கவே விடமாட்டோம். உன் திட்டத்தில் முதல் நாள் மட்டவேலை இருக்க வேண்டும்.

என்ன திட்டம் என்று கேட்பாய். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எத்தனை ஆள், எந்தத் தேதி தொடக்கம், எந்தத் தேதி முடிவு, அதற்கு முன்னால் என்ன சாமான் வீட்டில் இருக்க வேண்டும் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா. நான் ஒரு ஜோடிக் கணக்கில் போட்டுப் பார்த்தது இது, உனக்கு உதவும். செப்டம்பர் 17 புதன் தொடங்கி, ஞாயிறு விட்டு, பெட்டி வேலையெல்லாம் 27-ம் தேதி முடியும். 18-ல் கொத்தனார் அளவெடுக்கட்டும். அக்டோபர் 1 ஆயுத பூஜை, உளியும் ரம்பமும் பொட்டு வைத்துப் படுத்திருக்கும். 2-ம் தேதியும் வேலை எழுதாதே. மைக்கா ஒட்டி முடிப்பது அக்டோபர் 6. மாட்டி முடிப்பது 11. அதோடு கரண்ட் நிறுத்துகிற நாள், ஆளுக்குக் காய்ச்சல், கடையில் கீல் இல்லை என்கிற நாள் இதற்கெல்லாம் நான்கு நாள் சேர்த்து, ஒப்படைப்பு அக்டோபர் 16 வியாழன் என்று எழுது. 20-ம் தேதி தீபாவளி. 16-ஐ விட்டால் ஆள் ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகும் என்பது உனக்கும் தெரியும். இரண்டு ஜோடி விட முடியுமென்றால் சீக்கிரமே முடி, சந்தோஷம். ஆனால் முடியாததை எழுதாதே. எனக்கு முந்தின தேதி வேண்டாம், நடக்கிற தேதி வேண்டும்.

பணம் இப்படி வரும். நீ கேட்ட 1,20,000 இப்போது கிடையாது. பெட்டி வேலை எல்லாம் நின்ற அன்று, மூன்றாவது தவணையின் மீதி 50,000 அன்று சாயங்காலமே உன் கணக்கில் ஏறும். அதுவரைக்கும் 32,500-க்கான பலகையை நீ உன் கையிலிருந்து வாங்க வேண்டும், அது உன் பாரம். மைக்காவுக்கும் கீலுக்கும் உன்னிடம் ரொக்கம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் நீ வாங்குகிற கடைக்கு இருவரும் போவோம். பில்லை நானே நேராகக் கட்டுகிறேன், நான்காவது தவணையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஷட்டர் எல்லாம் மாட்டி, மூடித் திறந்து பார்த்ததும் அந்தத் தவணையின் மீதி. கடைசி 30,000 நவம்பர் 15. அதற்குள் வடகிழக்கு மழை இரண்டு மூன்று தடவை பெய்திருக்கும். எந்தக் கதவு இறுகுகிறது, எந்த விளிம்பு உரிகிறது என்று தெரிந்துவிடும். அந்த 5 சதவீதம் எதற்காக வைத்தோமோ அது அந்த மழைக்காகத்தான்.

ஒரு சட்ட விஷயம். பயமுறுத்த இல்லை, நாளைக்கு உன் தொழிலில் நீயே தெரிந்து வைத்திருக்க வேண்டியது. நம் தாளில் தேதியும் இருக்கிறது, தாமதமானால் நாளுக்கு 500 என்றும் இருக்கிறது. இப்படி அபராத விதி இருக்கிற கட்டுமான ஒப்பந்தத்தில், தேதி போட்டதால் மட்டும் காலம் அதன் உயிர்நாடி ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1979-ல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் சொன்னது. அதாவது ஆகஸ்ட் 17-ம் தேதி காலையில் நான் உன்னை வெளியே போ என்று சொல்லியிருக்க முடியாது. நியாயமான ஒரு புதுத் தேதியைக் குறித்து, அதுவே கடைசி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதையும் தாண்டினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். இந்தக் கடிதம் அந்தத் தெரிவிப்புதான். நீ எழுதித் தருகிற தேதி, அக்டோபர் 16-க்கு மேல் போகாத வரைக்கும், நம் இருவருக்கும் கடைசித் தேதி. அதைத் தாண்டினால் மீதி வேலையை வேறு ஆளிடம் கொடுத்து, கூடுதல் செலவை உன் கணக்கில் எழுதுவேன்.

20 நாளுக்கு, நாளொன்றுக்கு 500 வீதம் 10,000 வருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவின்படி எழுதிய தொகை ஒரு உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமானதுதான் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை வீட்டுக்கு நான் மாதம் 7,500 கட்டுகிறேன். 20 நாளுக்கு 5,000. அக்டோபர் 16-க்குள் முடித்தால் அந்த 5,000-ஐ மட்டும் கடைசித் தவணையில் பிடித்துக்கொள்கிறேன். தாமதமான வேலையை வாங்கிக்கொள்வதால் இதை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஆகாது, அதற்காகவும்தான் எழுதி வைக்கிறேன்.

கணக்கில் நான் எங்காவது தப்பியிருந்தால் சொல். சீலிங்குக்கு 52,500 குறைவு என்று நீ வாதாடலாம், கேட்கிறேன். மூன்றாவது அலமாரிக்கான பலகையில் மூன்று வளைந்திருப்பதை நான் கழிக்கவில்லை என்பதையும் அப்போது நினைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புது வீட்டில்தான் இருப்பேன். அந்தத் தாளை எழுதிக்கொண்டு வா, ரசமட்டத்தையும் கையோடு எடுத்து வா.

அன்புடன்,
உன் அண்ணாச்சி